கம்பெனி சொல்லும் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு ‘முடியாது’ என்றால் வேலை போகுமா?

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் பலரும் அதன் கடைசிப் பக்கத்தைச் சரியாகப் படிப்பதில்லை. ‘மருத்துவத் தகுதிக்கு உட்பட்டே இந்த நியமனம்’ என்று அங்கே ஒரு வரி இருக்கும். இரண்டு நாள் கழித்து லேப் ஒன்றிலிருந்து அழைப்பு வரும். ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, கண் பரிசோதனை எல்லாம் பழகியவைதான். அந்தப் பட்டியலில் இப்போது ‘டென் பேனல்’ என்ற பெயரில் சிறுநீர் போதைப்பொருள் சோதனையும் சில நிறுவனங்களில் சேர்ந்துகொண்டிருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகும், ‘எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு அழைப்போம்’ என்று பாலிசியில் எழுதி வைக்கிறார்கள்.

இதில் எதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டும்? எதை மறுக்கலாம்? மறுத்தால் மெமோ வருமா, வேலையே போகுமா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். உங்கள் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக ரத்தம் எடுக்கும் அதிகாரம் இந்தியாவில் எந்த முதலாளிக்கும் இல்லை. கைதானவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் போலீஸுக்குத் தந்திருக்கிறது. ஹெச்.ஆருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் கட்டாயப்படுத்த முடியாது என்பதும், மறுத்தால் ஒன்றும் ஆகாது என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழு விவகாரமும் இருக்கிறது.

விமானிக்கு மறுப்பதும் தோற்பதும் ஒன்றே

மறுப்புக்கான விலை மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் வேலை, விமானி வேலை. விமானம் ஓட்டுவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தியிருக்கக் கூடாது என்பது விமான விதிகளின் 24-வது விதி. அதை உறுதிப்படுத்தவே, பணிக்கு முன் மூச்சைக் குழாயில் ஊதிக் காட்டும் பிரெத்தலைசர் சோதனை. நடைமுறையை வகுத்திருப்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. சோதனை கேமராவில் பதிவாகும். முதல் முறை ஊதியதில் மது இருப்பதாகக் காட்டினால், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிறிது நேர இடைவெளியில் சாட்சியுடன் மறுபடி ஊதச் சொல்வார்கள். அதிலும் காட்டினால்தான் அது ‘பாசிட்டிவ்’.

முதல் தடவை சிக்கினால் 3 மாதம் உரிமம் நிறுத்திவைப்பு. இரண்டாவது தடவை 3 ஆண்டுகள். மூன்றாவது என்றால் உரிமமே ரத்து. இதில் கவனிக்க வேண்டியது, ‘முதல் தடவை’ என்பதற்குள் என்னென்ன வருகிறது என்பதுதான். ஊதித் தோற்பவர் மட்டுமல்ல. சோதனைக்கு மறுப்பவர், இரண்டாவது முறை ஊத மாட்டேன் என்பவர், சோதனையே செய்துகொள்ளாமல் விமானத்தை ஓட்டிச் செல்பவர், சோதனையைத் தவிர்க்க விமான நிலையத்தை விட்டு நழுவுபவர் எல்லோருக்கும் அதே 3 மாதம்தான்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி அல்ல. 2017-ல் ஏர் இந்தியாவின் செயல்பாட்டுப் பிரிவை நிர்வகித்த மூத்த விமானி ஒருவர், சோதனையைத் தவிர்த்ததாக 3 மாதம் உரிமம் இழந்தார். அவர் குடித்திருந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில், டெல்லியிலிருந்து லண்டன் செல்லும் விமானத்துக்கு முன் நடந்த சோதனையில் அவர் உண்மையிலேயே தோற்றபோது, அது இரண்டாவது குற்றமாகக் கணக்கிடப்பட்டது. தண்டனை 3 ஆண்டுகள். முதல் முறை ‘ஊதவில்லை’ என்பது, இரண்டாவது முறைக்கு ஏணிப்படியாகிவிட்டது.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்கலாம். மறுப்புக்குத் தண்டனை தோல்வியைவிடக் குறைவாக இருந்தால், குடித்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் மறுத்துவிடுவார்கள் அல்லவா? அப்புறம் சோதனைக்கு என்ன அர்த்தம்? அதனால்தான் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பணிகளில் மறுப்பைத் தோல்விக்குச் சமமாக வைக்கிறார்கள். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் உள்ளிட்ட போக்குவரத்துப் பணியாளர்களுக்கான விதிகளிலும் இதேதான். அங்கே போதுமான சிறுநீர் தர முடியாதவருக்கு 3 மணி நேரம் அவகாசமும் தண்ணீரும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் தரவில்லை, அதற்கு மருத்துவக் காரணமும் இல்லை என்றால் அதுகூட ‘மறுப்பு’ என்றே பதிவாகும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷ்களில் ஆல்கஹால் இருப்பது உண்டு. ‘நான் குடிக்கவில்லை, வாய் கொப்பளித்தேன்’ என்ற வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், பற்பசை ஜெல் போன்றவற்றை விமானப் பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் விதியையே திருத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட மருந்து சாப்பிட வேண்டியிருந்தால், பறப்பதற்கு முன் நிறுவன மருத்துவரைக் கேட்க வேண்டும்.

2022 ஜனவரி 31 முதல் போதைப்பொருள் சோதனையும் வந்துவிட்டது. விமானிகள், விமானப் பணியாளர்கள், வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேரைத் திடீரெனத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும். கஞ்சா, ஓபியம் வகை, கொகெய்ன், ஆம்ஃபெட்டமின், பார்பிட்யூரேட், பென்சோடயஸபின் ஆகியவற்றைத் தேடுவார்கள். ஆனால் இங்கே தண்டனையின் வடிவம் வேறு. உறுதிப்படுத்தும் சோதனையிலும் முதன்முறை சிக்குபவரை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது முறைதான் 3 ஆண்டு நிறுத்திவைப்பு. அதாவது குடிப்பழக்கத்தைவிட இதை ஒரு நோயாகப் பார்க்கிறது விதி. நல்ல அணுகுமுறை. தனியார் அலுவலகங்களின் பாலிசிகளில் இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலும் காணோம்.

ஈயத் தொழிற்சாலையில் டெஸ்ட் யாருக்காக?

பேட்டரித் தொழிற்சாலையில் ஈயத்தோடு வேலை செய்பவரின் நிலை வேறு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-சி பிரிவு, அபாயகரமான வேலையில் ஒருவரை அமர்த்துவதற்கு முன்பும், வேலையில் இருக்கும்போது 12 மாதத்துக்குக் குறையாத இடைவெளிகளிலும் அல்ல, 12 மாதத்தைத் தாண்டாத இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை நடத்தச் சொன்னது. கடமை முதலாளியுடையது. அந்த மருத்துவப் பதிவுகளைத் தொழிலாளி கேட்டால் காட்டவும் வேண்டும்.

ரத்தத்தில் ஈயம் ஏறுவது வெளியே தெரியாது. வயிற்றுவலி, களைப்பு, ரத்தசோகை என்று தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். எனவே இந்த டெஸ்ட் தொழிலாளியைக் காப்பாற்றத்தான். இதை மறுத்தால் என்ன ஆகும்? பரிசோதனை இல்லாதவரை அந்தப் பிரிவில் நிறுத்தினால் சட்டத்தை மீறுபவர் முதலாளி. ஆகவே அவரை அங்கிருந்து விலக்குவார்கள். அது தண்டனை அல்ல, சட்டத்தின் நேரடி விளைவு. காரணமே இல்லாமல் தொடர்ந்து மறுத்தால் பிறகு ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

ஆனால் நடைமுறையில் தொழிலாளர்கள் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ரிப்போர்ட் மோசமா வந்தா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க’ என்ற பயம். காக்க வந்த டெஸ்ட், களையெடுக்கும் டெஸ்ட்டாக மாறும் இடம் இது. வேறு பிரிவில் வேலை உண்டு என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தராத இடத்தில், மறுப்பவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

மேசை வேலைக்கு எந்தச் சட்டம்?

இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் வருவோம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் போதைப்பொருள் சோதனை நடத்தலாம் என்றோ, கூடாது என்றோ சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இருப்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் நிறுவனத்தின் பாலிசியும்தான். தொழிலாளர் சட்டத்தில் நீண்ட காலமாக இருந்துவரும் ஒரு சொற்றொடர் இங்கே கைகொடுக்கும். மாதிரி நிலையாணைகள் எதையெல்லாம் ஒழுங்கீனம் என்கின்றன என்று பார்த்தால், முதலில் நிற்பது மேலதிகாரியின் ‘சட்டப்படியான, நியாயமான’ உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. வெறும் உத்தரவு போதாது. அது சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும், நீங்கள் அதை வேண்டுமென்றும் மீறியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும்.

எனவே எந்த டெஸ்ட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி: என் வேலைக்கும் இந்த டெஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? கிரேன் ஓட்டுபவருக்குக் கண் பரிசோதனை, சமையல்கூடத்தில் இருப்பவருக்குத் தொற்றுப் பரிசோதனை, கம்பெனி பஸ் ஓட்டுநருக்குப் பிரெத்தலைசர் எல்லாம் நியாயமான உத்தரவுகள். காரணமில்லாமல் மறுத்தால் நடவடிக்கை நிற்கும். டெஸ்டிங் இன்ஜினீயருக்குத் திடீர் சிறுநீர் சோதனை? அது விவாதத்துக்குரியது.

வேலையில் சேரும் முன், சேர்ந்த பின் என்ற வித்தியாசமும் பெரியது. சேரும் முன் மறுத்தால் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்; தனியார் துறையில் அதற்கு எதிராகச் செய்ய முடிவது மிகக் குறைவு. சட்டம் நேரடியாகத் தடுத்திருக்கும் டெஸ்ட்டுகள் மட்டுமே விதிவிலக்கு. சேர்ந்த பின் என்றால், மறுப்பை ஒழுங்கீனம் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தின் தலையில்.

தைரியமாக மறுக்கக்கூடியவை

முதலாவது, எச்.ஐ.வி. டெஸ்ட். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதைப் பாகுபாடு என்கிறது. விவரம் சொல்லிப் பெறப்பட்ட சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது. தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும், அவரால் மற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டு என்று சம்பந்தமில்லாத ஒரு மருத்துவ நிபுணர் எழுத்தில் தராமல் வேலையை மறுக்க முடியாது. இந்தச் சட்டத்துக்கு முன்னோடி, 1997-ல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில் சொன்ன தீர்ப்பு. தொற்று இருக்கிறது என்பதற்காக அவரை நிரந்தரமாக்க மறுத்தது ஒரு பொதுத்துறை நிறுவனம். வேலையைச் செய்ய முடிகிறதா, மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், தொற்று என்ற ஒரே காரணம் போதாது என்றது நீதிமன்றம்.

லேப்பில் நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தச் சம்மதத்துக்குள் எச்.ஐ.வி.யும் இருக்கலாம். பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருந்தால் அந்த வரியை அடித்துக் கையெழுத்திடலாம்.

இரண்டாவது, கர்ப்பம், மாதவிடாய் பற்றிய விசாரணை. இதற்கான வழக்கு எல்.ஐ.சி. சம்பந்தப்பட்டது. 1989 செப்டம்பரில் டெல்லியில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்த பெண் ஒருவர், நிறுவனம் கொடுத்த படிவத்தை நிரப்பினார். கடைசி மாதவிடாய் தேதி என்ன, சுழற்சி சீராக இருக்கிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள். எல்.ஐ.சி.யின் மருத்துவரே பரிசோதித்துத் தகுதி என்றும் சான்று கொடுத்தார். 1990 ஜனவரி 9-ம் தேதி முதல் மகப்பேறு விடுப்பு எடுத்தார். 11-ம் தேதி குழந்தை பிறந்தது. பிப்ரவரி 13-ல், தகுதிகாண் பருவத்திலேயே பணிநீக்கம். ‘கடைசி மாதவிடாய் ஆகஸ்ட் 29 என்று எழுதியிருக்கிறார், கணக்குப் பார்த்தால் பொய்’ என்பது நிறுவனத்தின் வாதம்.

கணக்கு சரிதான், அந்தத் தேதி உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. உண்மையான சிக்கல் அந்தப் பெண்ணின் பதிலில் இல்லை, கேட்கப்பட்ட கேள்விகளில் இருக்கிறது. தன்மானமும் கூச்சமும் உள்ள எவரும் பதில் சொல்லத் தயங்கும் கேள்விகள் இவை என்றது. அவரை மறுபடி வேலையில் சேர்க்கவும், படிவத்திலிருந்து அந்தப் பகுதிகளை நீக்கவும் உத்தரவிட்டது. ‘தகுதிகாண் பருவம்தானே, காரணம் சொல்லத் தேவையில்லை’ என்று நிர்வாகம் நழுவ முடியாது, திரையை விலக்கி உண்மைக் காரணத்தை நீதிமன்றம் பார்க்கும் என்பதும் இந்த வழக்கு தரும் பாடம்.

30 ஆண்டு கழித்தும் பழக்கம் போகவில்லை. 3 மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைத் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று வகைப்படுத்திய பாரத ஸ்டேட் வங்கியின் சுற்றறிக்கை, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2022 ஜனவரி இறுதியில்தான் நிறுத்திவைக்கப்பட்டது.

கசகசாவும் சிறுநீர் டெஸ்ட்டும்

போதைப்பொருள் சோதனைக்குத் திரும்புவோம். பிரெத்தலைசர், இந்த நிமிடம் உங்கள் உடலில் மது இருக்கிறதா என்று சொல்கிறது. சிறுநீர் டெஸ்ட் அப்படியல்ல. போதைப்பொருள் உடலில் சிதைந்த பிறகு மிஞ்சும் எச்சங்களைத்தான் அது தேடுகிறது. கஞ்சாவின் எச்சம், ஒருமுறை பயன்படுத்தியவரிடம் சில நாட்களும், தொடர்ந்து பயன்படுத்துபவரிடம் சில வாரங்களும் இருக்கும். திங்கட்கிழமை காலை வேலையில் அவர் தெளிவாக இருந்தாரா என்ற கேள்விக்கு இந்த டெஸ்ட்டில் பதில் இல்லை.

ஒரு உதாரணம். சென்னையில் வேலை பார்ப்பவர் ஹோலிக்கு வாரணாசி போகிறார். அங்கே அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு குடிக்கிறார். கஞ்சா இலை, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ‘கஞ்சா’ என்று வரையறுப்பதற்குள் வராது. திரும்பி வந்து மூன்றாம் நாள் டெஸ்ட்: பாசிட்டிவ். அவர் வேலை நேரத்தில் போதையில் இல்லை. அங்கே அவர் குடித்தது குற்றமும் இல்லை. ஆனால் பாலிசிப்படி அவர் தோற்றவர்.

இன்னும் வேடிக்கை, நம் வீட்டுக் குருமா. கசகசா என்பது ஓபியம் தரும் அதே செடியின் விதை. விதைமேல் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறிதளவு உடலில் சேரும். மனுஷனுக்கு மயக்கம் வராது, ஆனால் டெஸ்ட்டுக்குத் தெரிந்துவிடலாம். முதல்கட்ட சோதனைக் கிட்டுகளில் ஓபியத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு: ஒரு மில்லி சிறுநீரில் 300 நானோகிராம், அல்லது 2,000. அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனையில் முதலில் 300-தான் இருந்தது. கசகசா தூவிய பன் சாப்பிட்டவர்களெல்லாம் மாட்டியதால் 1998-ல் 2,000 ஆக்கினார்கள். அப்படியும் தீரவில்லை, 2023-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கசகசாவே சாப்பிடாதீர்கள் என்று தன் வீரர்களை எச்சரித்தது. கோடீன் கலந்த இருமல் சிரப்பும் இதே வேலையைச் செய்யும், ஏனென்றால் கோடீனின் ஒரு பகுதி உடலில் மார்ஃபினாகவே மாறுகிறது. மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆம்ஃபெட்டமின் என்று தவறாகக் காட்டலாம்.

இதனால்தான் முதல்கட்ட ரிசல்ட்டை ‘பாசிட்டிவ்’ என்று சொல்லக்கூடத் தயங்குவார்கள் அனுபவமுள்ள லேப்காரர்கள். ‘நெகட்டிவ் அல்லாதது’ என்பார்கள். அதே மாதிரியின் மீதிப் பகுதியை, மூலக்கூறைத் தனியே பிரித்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். மூக்கடைப்பு மாத்திரைக்காரர் அங்கே தப்பிவிடுவார். கசகசா சாப்பிட்டவருக்கு அதுவும் போதாது, ஏனென்றால் அவர் உடலில் இருப்பது உண்மையான மார்ஃபின்தான். அவருக்குத் தேவை, அளவையும் உணவையும் மருந்துச் சீட்டையும் வைத்துப் பார்த்து முடிவு சொல்லும் ஒரு மருத்துவர். 5 நிமிடக் கிட்டை மட்டும் வைத்து வேலையை விட்டு அனுப்பும் பாலிசி, அறிவியல்ரீதியாகவே ஓட்டை.

மறுத்தார், மெமோ வந்தது: அடுத்து?

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவனத்தில் 3 ஆண்டுகளாக வேலை பார்க்கும் இன்ஜினீயர். புதிய வெளிநாட்டு கிளையண்ட் கேட்டதாகச் சொல்லி, அணியில் எல்லோரும் நாளைக்குள் சிறுநீர் மாதிரி தர வேண்டும் என்று மெயில் வருகிறது. அவர் ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்புகிறார். அடுத்த நாள் ஷோ-காஸ் நோட்டீஸ்.

அந்த ஒற்றைச் சொல்தான் அவர் வழக்கைப் பலவீனமாக்கும். ‘வேண்டுமென்றே’ மீறினார் என்பதற்கு நிர்வாகத்துக்கு வேறு சாட்சியே தேவையில்லை. மாறாக, அவர் இப்படி எழுதியிருக்கலாம்: என் பணி ஒப்பந்தத்திலோ பாலிசியிலோ இதற்கான பிரிவு எது? என்னென்ன பொருட்களுக்கான டெஸ்ட்? முதல்கட்டத்தில் காட்டினால் உறுதிப்படுத்தும் சோதனை உண்டா? ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள், கிளையண்டுக்குப் போகுமா? நான் சாப்பிடும் மருந்துகளை லேப் மருத்துவரிடம் மட்டும் சொல்ல வழி உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால், அங்கீகாரம் பெற்ற லேப்பில் டெஸ்ட் செய்துகொள்ளத் தயார். இது மறுப்பு அல்ல. பதில் தராமல் நடவடிக்கை எடுத்தால், நியாயமற்ற தரப்பாகத் தெரியப்போவது நிர்வாகம்தான்.

ஷோ-காஸ் நோட்டீஸுக்கு விளக்கம் கொடுத்த பிறகும் திருப்தி இல்லையென்றால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதன்பின் உள்விசாரணை. அதில் அவர் தன் தரப்பைச் சொல்லவும், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும். இன்னொருவருக்கு இதே மறுப்புக்கு எச்சரிக்கையோடு விட்டார்களா, பாலிசி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டதா என்பதெல்லாம் அங்கே எடுபடும். 3 ஆண்டு சுத்தமான பணிப்பதிவு உள்ளவரை ஒரே மறுப்புக்காக நீக்குவது, குற்றத்துக்குப் பொருத்தமில்லாத தண்டனை என்று தொழிலாளர் தீர்ப்பாயம் குறைக்கவும் முடியும்.

இதில் ஒரு கசப்பான ‘ஆனால்’ இருக்கிறது. தீர்ப்பாயத்தின் கதவு ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். தொழில்நுட்ப வேலை செய்பவர் உள்ளே வரலாம். ஆட்களை நிர்வகிக்கும் மேனேஜர் வர முடியாது. பதவியின் பெயரைவிட அன்றாடம் என்ன வேலை செய்கிறார் என்பதே முக்கியம். வெளியே நிற்பவருக்கு மிஞ்சுவது சிவில் நீதிமன்றம். அங்கே பெரும்பாலும் கிடைப்பது நோட்டீஸ் காலச் சம்பளம்தான், வேலை அல்ல. ஆகவே டீம் லீடாகவோ மேனேஜராகவோ பதவி உயர்வு வரும்போது இந்தப் பாதுகாப்பு கைநழுவுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. அதே இன்ஜினீயர் நடக்க முடியாமல் தள்ளாடி, நாக்குக் குழறி வேலைக்கு வந்தார். இரண்டு பேர் பார்த்தார்கள். உடனே மருத்துவரிடம் போகச் சொன்னபோது மறுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உத்தரவு நியாயமானது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்க முடியாதுதான், ஆனால் மறுத்ததை அவருக்கு எதிராக விசாரணை அதிகாரி எடுத்துக்கொள்ளலாம். 2003-ல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தர்க்கமும் இதுதான்: மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட மறுப்பவரிடமிருந்து நீதிமன்றம் பாதகமான ஊகத்துக்கு வரலாம்.

ரிப்போர்ட் எங்கே போகிறது?

பலரும் டெஸ்ட்டை மறுப்பது ஊசிக்குப் பயந்து அல்ல, ரிப்போர்ட்டுக்குப் பயந்துதான். சர்க்கரை, தைராய்டு, மன அழுத்த மாத்திரை எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஹெச்.ஆர். மெயிலில் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பென்சோடயஸபின் பட்டியலில் இருக்கும் டெஸ்ட், உங்களுக்கு மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் காட்டிக்கொடுக்கும். ஹெச்.ஆருக்குத் தேவை ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு வரி. மீதி எல்லாம் மருத்துவரிடமே இருக்க வேண்டும்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்யும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம். அதன் 7-வது பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த இடம் தருகிறது. மருத்துவத் தரவுக்கென்று தனியான, கடுமையான வகையும் இந்தச் சட்டத்தில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும்.

விமானிக்கு எந்தப் பொருள், எத்தனை முறை, யார் சோதிப்பது, தோற்றால் சிகிச்சையா தண்டனையா என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. மேசை வேலைக்காரருக்கு இவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. பாதுகாப்பு சார்ந்த பணிகள் எவை என்ற பட்டியல், உறுதிப்படுத்தும் சோதனை கட்டாயம், முதல் தடவைக்குச் சிகிச்சை, ரிப்போர்ட் மருத்துவரைத் தாண்டக் கூடாது: இந்த நான்கையும் நிலையாணைகளில் சேர்க்க நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மாதிரி நிலையாணைகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது.